அறை ஹீட்டரா, மின்போர்வையா? மாதச் செலவைக் கணக்கிட்டுக் குறைப்பது எப்படி

முட்டுக்காட்டில் என் அக்கா வீட்டில் மார்கழி விடியற்காலையிலும் மின்விசிறி ஒன்றாம் எண்ணில் சுற்றிக்கொண்டிருக்கும். காயலிலிருந்து வரும் காற்று கொஞ்சம் சில்லென்று பட்டால், காலடியில் கிடக்கும் போர்வையை இழுத்துக்கொண்டால் போதும். அந்த வீட்டில் வளர்ந்த அக்கா மகள் மேல்படிப்புக்காக லண்டன் போய், ஈஸ்ட்ஹாமில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் வீடு எடுத்தாள். 2025 ஜனவரி கடைசியில் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, கரண்ட் பில்லைப் பார்த்து எனக்குக் கை நடுங்குது. ஹீட்டர் மட்டும்தான் போட்டேன்."

நான் வயரிங் வேலையில் முப்பது வருடம் கழித்தவன். மூன்று விஷயங்களைக் கேட்டேன். ஹீட்டரின் பின்பக்கம் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? ஒரு யூனிட் என்ன விலை? முதலாவதற்கு மட்டும்தான் உடனே பதில் வந்தது. மற்ற இரண்டையும் அவள் தேடிச் சொன்ன பிறகு பத்து நிமிடத்தில் கணக்கு முடிந்தது. அந்தக் கணக்கும், அதன்பின் அவள் மாற்றிக்கொண்டவையும், அடுத்த குளிருக்கு நானே அங்கே போய்த் தங்கியபோது பார்த்தவையும்தான் இந்த அத்தியாயம்.

முதலில் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். பிரிட்டனிலும் அதேதான். பில்லில் அதைக் கிலோவாட் மணி என்று குறிப்பிட்டிருப்பார்கள். மின்னழுத்தமும் நம் ஊரைப் போலவே 230 வோல்ட்.

வித்தியாசம் விலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். பிரிட்டனில் இலவச யூனிட் கிடையாது. சாதாரண இணைப்பில் முதல் யூனிட்டுக்கும் ஆயிரமாவது யூனிட்டுக்கும் ஒரே விலை. அதோடு, ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் தினமும் ஒரு நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கிறது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை அது மின்சாரத்துக்கு நாட்டுச் சராசரியாக யூனிட்டுக்கு 24.86 பென்ஸ், நிலைக்கட்டணம் நாளுக்குச் சுமார் 61 பென்ஸ். வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும். இந்த அத்தியாயம் முழுவதும் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ். அப்போதைய மாற்று விலை பவுண்டுக்குச் சுமார் 105 ரூபாய்.

கணக்குப் போடும் முறை

1. சாதனத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் எண்ணைப் பாருங்கள். 2000 வாட் என்றால் ஆயிரத்தால் வகுத்து 2 என்று எழுதிக்கொள்ளுங்கள்.
2. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். இதில்தான் எல்லோரும் குறைத்துச் சொல்வார்கள். "ராத்திரி கொஞ்ச நேரம்" என்பது கணக்கு அல்ல. போட்ட நேரத்தையும் அணைத்த நேரத்தையும் மூன்று நாள் குறித்துவையுங்கள்.
3. இரண்டையும் பெருக்கினால் ஒரு நாளைய யூனிட்.
4. அதை 30 ஆல் பெருக்கினால் மாத யூனிட். அதை 0.25 ஆல் பெருக்கினால் பவுண்ட்.

அக்கா மகள் கணக்கைப் போடுவோம். அவளிடம் இருந்தது 2000 வாட் ஹீட்டர். மாலை 6 மணிக்கு வீடு திரும்பியதும் போடுவாள். தூங்கும்போதும் ஓடும். காலை 7 மணிக்குக் கிளம்பும்போது அணைப்பாள். மொத்தம் 13 மணி நேரம். 2 × 13 = 26 யூனிட் ஒரு நாளைக்கு. 30 நாளைக்கு 780 யூனிட். 0.25 ஆல் பெருக்கினால் 195 பவுண்ட். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், அதுவும் ஓர் அறையின் சூட்டுக்கு மட்டும். முட்டுக்காட்டு வீட்டில் சித்திரை வைகாசியில் ஏசி போட்டும் இரண்டு மாதத்துக்கு 780 யூனிட் வந்ததில்லை என்றார் அக்கா.

ஹீட்டரை ஏசியோடு ஒப்பிட்டுப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஏசி வெப்பத்தை உருவாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் அளவு வெப்பத்தை நகர்த்த முடிகிறது. ஹீட்டருக்கு அந்த வசதி இல்லை. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம், அவ்வளவுதான். வாட்டர் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அறை ஹீட்டர் அதற்குச் சமம்.

எந்த ஹீட்டர் மிச்சம்?

எண்ணெய் ஹீட்டர், விசிறி ஹீட்டர், காற்றைச் சூடாக்கும் கன்வெக்டர், சிவப்பாக ஒளிரும் ஹாலஜன் எல்லாமே ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு வெப்பம்தான் கொடுக்கும். "எண்ணெய் ஹீட்டர் கரண்ட் குடிக்காது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். அணைத்த பிறகும் சற்று நேரம் சூடு இருப்பதைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். அந்தச் சூட்டுக்கும் முன்பே காசு கொடுத்தாகிவிட்டது. சூடு ஏறத் தாமதமானதற்கு ஈடாகத்தான் பின்னால் அது இறங்கத் தாமதமாகிறது.

ஆனால் வேலைக்கு ஏற்ற வகை என்று ஒன்று உண்டு. மூன்று நான்கு மணி நேரம் ஓர் அறையில் உட்கார்ந்து படிக்க எண்ணெய் ஹீட்டர் நல்லது. சத்தம் இல்லை, சூடு சீராக இருக்கும், கம்பி செந்தணலாகாது. காலையில் உடை மாற்றும் அரை மணி நேரத்துக்கு விசிறி ஹீட்டர் போதும், போட்ட உடனே சூடு வரும். ஹாலஜன் தன் எதிரே இருப்பவரை மட்டும் சுடும், அறைக் காற்றை உடனே மாற்றாது. மேசைக்கு அருகே ஒருவர் உட்கார்ந்திருந்தால் உதவும். ஆனால் துணி பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து அதில்தான் அதிகம். குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்கவே வேண்டாம்.

வாங்கும்போது விலையை விட ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: தெர்மோஸ்டாட் இருக்கிறதா? குறித்த சூடு வந்ததும் தானாக நின்று, குறைந்ததும் மறுபடி ஓடும் அமைப்பு அது. கூடவே நேரம் வைக்கும் டைமரும், சாய்ந்தால் அணையும் அமைப்பும் இருந்தால் நல்லது.

தெர்மோஸ்டாட்டை அமைக்கும் முறை

அக்கா மகளின் ஹீட்டரில் தெர்மோஸ்டாட் இருந்தது. அவள் அதை எப்போதும் கடைசி எண்வரை திருப்பி வைத்திருந்தாள். அப்படி வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நினைத்தாளாம். ஆகாது. 2000 வாட் ஹீட்டர் எந்த எண்ணில் இருந்தாலும் ஒரே வேகத்தில்தான் சூடு தரும். அந்தத் திருகு "எப்போது நிற்பது" என்பதை மட்டுமே சொல்கிறது. கடைசி எண்ணில் வைத்தால், அவள் அறையைப் போல வெப்பம் கசியும் அறையில் அது நிற்கவே நிற்காது.

1. ஒரு சின்ன அறை வெப்பமானி வாங்கி ஹீட்டரிலிருந்து தள்ளி, உட்காரும் உயரத்தில் வையுங்கள்.
2. திருகைக் கடைசிவரை திருப்பி ஹீட்டரைப் போடுங்கள்.
3. வெப்பமானி 18 டிகிரி காட்டும்போது, "டிக்" என்று ஹீட்டர் நிற்கும்வரை திருகை மெல்லப் பின்னால் திருப்புங்கள்.
4. அந்த இடத்தில் ஒரு பேனாக் கோடு போடுங்கள். இனி அதுதான் உங்கள் அளவு.

18 டிகிரி என்பது நான் நினைத்துச் சொன்ன எண் அல்ல. குளிர்நாட்டு வீடுகளுக்குள் குளிர்காலத்தில் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. முதியவர்கள், நோயாளிகள், குழந்தைகள் இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். முட்டுக்காட்டில் தை மாத இரவு 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் மப்ளர் தேடுவோம். அதனால் முதல் வாரம் 18 குளிராகத்தான் தெரியும். உள்ளே ஒரு வெப்பப் பனியன், கம்பளிக் காலுறை, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பாருங்கள். வீட்டுக்குள் லுங்கியும் நைட்டியுமாக இருந்துகொண்டு அறையை 24 டிகிரிக்கு ஏற்றுவதுதான் நம்மவர்கள் செய்யும் மிகச் செலவான காரியம்.

ஹீட்டர் நிற்கவே இல்லையென்றால்

கோடு போட்ட இடத்தில் வைத்தும் ஒரு மணி நேரத்தில் ஒருமுறைகூட "டிக்" சத்தம் வரவில்லையா? அறை கசிகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, புகையை ஜன்னல் விளிம்பு, கதவின் அடிப்பக்கம், சுவரில் குழாய் நுழையும் இடம் என்று மெல்லக் கொண்டுபோங்கள். புகை நேராக எழாமல் ஒரு பக்கம் ஓடும் இடத்தில் காற்று நுழைகிறது.

அக்கா மகள் வீட்டில் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. ஒரு பழைய பருத்திப் புடவையைச் சுருட்டி அங்கே வைத்தாள். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, பொழுது சாய்ந்ததும் மூடினாள். ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டும் நுரைப் பட்டை வாங்கினாள். இந்த மூன்றுக்கும் ஆன செலவு, பழைய கணக்கில் ஹீட்டர் மூன்று நான்கு நாள் ஓடும் காசுதான். ஆனால் சுவரிலோ ஜன்னல் மேலோ காற்றுக்காகவே வைத்த சல்லடைகளை அடைக்காதீர்கள். வீட்டில் எரிவாயு கொதிகலன் இருந்தால் அவற்றை அடைப்பது உயிருக்கே ஆபத்து.

மின்போர்வை: அறையை விட்டு உடம்பைச் சூடாக்குவது

தூங்கும் எட்டு மணி நேரம் சூடு தேவைப்படுவது உங்களுக்கு, அலமாரிக்கும் சுவருக்கும் அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பில் பாதிக்கும் கீழே போகும்.

ஒருவர் படுக்கும் மின்போர்வை பெரும்பாலும் 60 முதல் 120 வாட்டுக்குள் இருக்கும். 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரமும் முழு அளவில் ஓடினாலும் 0.8 யூனிட், அதாவது 20 பென்ஸ். அதே எட்டு மணி நேரம் 2000 வாட் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் 16 யூனிட், 4 பவுண்ட். ஒரே இரவில் இருபது மடங்கு வித்தியாசம்.

இதில் மூன்று வகை உண்டு. மெத்தைக்கு மேல், விரிப்புக்குக் கீழே கட்டுவது ஒன்று. படுத்த பின் மேலே போர்த்துவது இன்னொன்று. சோபாவில் உட்காரும்போது மடியில் போட்டுக்கொள்வது மூன்றாவது. ஒரு வகையை இன்னொன்றின் இடத்தில் பயன்படுத்தக் கூடாது. கீழே விரிப்பதை மேலே போர்த்தினால் கம்பி மடங்கும், ஒரே இடத்தில் சூடு சேரும். மாணவர்களுக்கு நான் சொல்வது முதல் வகை. சூடு கீழிருந்து ஏறி, மேலே போட்ட கனத்த போர்வைக்குள்ளேயே நிற்கும்.

பயன்படுத்தும் வரிசை:

1. மெத்தை முழுக்கச் சுருக்கமில்லாமல் விரித்து, மூலை நாடாக்களை மெத்தைக்கு அடியில் மாட்டுங்கள். கட்டுப்படுத்தும் பெட்டி மெத்தைக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.
2. அதன்மேல் பருத்தி விரிப்பு.
3. படுப்பதற்கு அரை மணி முன்பு முழு அளவில் போடுங்கள். மேலே கனத்த போர்வையைப் போட்டு மூடிவையுங்கள், சூடு தப்பாது.
4. படுத்ததும் மிகக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். இரவு முழுக்கப் போடலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே போட்டபடி தூங்கலாம். தானாக அணையும் டைமர் உள்ளதை வாங்குங்கள்.

இப்படிச் செய்தபோது அவளுக்கு ஓர் இரவுக்குச் சுமார் 0.3 யூனிட்தான் ஆனது. மாதத்துக்கு 9 யூனிட், 2 பவுண்ட் 25 பென்ஸ்.

மாற்றிய பிறகு வந்த கணக்கு

பிப்ரவரியிலிருந்து அவள் இப்படி நடந்துகொண்டாள். மாலை ஆறரை முதல் பத்தரைவரை ஹீட்டர், பேனாக் கோட்டில். முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட முழுக்க ஓடும், பிறகு விட்டுவிட்டு ஓடும். மீட்டரைப் பார்த்ததில் நாலு மணி நேரத்துக்குச் சராசரியாக 5 யூனிட். இரவில் மின்போர்வை, 0.3 யூனிட். காலையில் அரை மணி ஹீட்டர், 1 யூனிட். மொத்தம் 6.3 யூனிட். 30 நாளைக்கு 189 யூனிட், 47 பவுண்ட் 25 பென்ஸ். முன்பு 195 பவுண்ட். நிலைக்கட்டணமாக மாதத்துக்குச் சுமார் 18 பவுண்ட் இரண்டு கணக்கிலும் தனியாக உண்டு. அதை எதைச் செய்தும் குறைக்க முடியாது.

உங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிறது என்பதை நீங்களே அளக்கலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறியுங்கள். ஹீட்டரை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி குறியுங்கள். வித்தியாசம்தான் செலவு. குளிர்பெட்டியை அணைக்க முடியாதென்றால் அதன் சிறு செலவு சேரும், பரவாயில்லை. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் சமையலறையில் வைக்கும் சின்னத் திரையில் நேரடியாகவே தெரியும்.

எரிவாயு இருக்கும் வீட்டில் கணக்கு மாறும்

வீடு முழுக்க ரேடியேட்டரும் எரிவாயுக் கொதிகலனும் இருந்தால் அவசரப்பட்டு மின் ஹீட்டர் வாங்காதீர்கள். அதே 2025 ஜனவரி உச்சவரம்பில் எரிவாயு யூனிட்டுக்கு 6.34 பென்ஸ்தான். கொதிகலனில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட் சூட்டுக்கு ஏறக்குறைய 7 பென்ஸ். மின்சாரத்தில் 25. ஆகவே மற்ற அறைகளின் ரேடியேட்டர் திருகுகளைக் குறைத்துவிட்டு, இருக்கும் அறைக்கு மட்டும் எரிவாயுச் சூட்டை விடுவதுதான் மலிவு. மின்போர்வை மட்டும் இங்கேயும் வெல்லும்.

சில அடுக்ககங்களில் சுவரோரம் கனமான, செங்கல் அடைத்த சேமிப்பு ஹீட்டர் இருக்கும். இரவு ஏழு மணி நேரம் மலிவு விலையில் சூட்டைச் சேர்த்துவைத்து, பகலில் மெல்ல விடும். அப்படிப்பட்ட இணைப்பில் பகல் யூனிட் விலை சாதாரண இணைப்பைவிட அதிகம். புதிதாகப் போகிறவர்கள் அந்தப் பெட்டியைப் பழுது என்று நினைத்து, கடையில் ஹீட்டர் வாங்கிப் பகல் விலையில் ஓட்டுகிறார்கள். அதில் இரண்டு திருகுகள் உண்டு. இன்புட் என்பது இன்றிரவு எவ்வளவு சேர்ப்பது என்பது. அவுட்புட் என்பது இப்போது எவ்வளவு வெளியே விடுவது என்பது. வெளியே போகும்போதும் தூங்கப் போகும்போதும் அவுட்புட்டை மூடிவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திரும்பும் மாலை நேரத்தில் பெட்டி வெறுமையாக இருக்கும்.

வாடகையோடு மின்சாரத்தைச் சேர்த்து வீட்டுக்காரரிடம் கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல்: அவர் தான் வாங்கும் யூனிட் விலைக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டனின் விதி. பில்லைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். "எல்லாம் வாடகையில் அடக்கம்" என்ற ஒப்பந்தத்தில் மாத உச்ச அளவு எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

கனடா போகிறவர்கள் இந்தியாவிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ ஹீட்டரும் மின்போர்வையும் கொண்டுபோகக் கூடாது. அங்கே 120 வோல்ட். சாதாரணப் பிளக்கில் 1500 வாட்தான் உச்சம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான், எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவரில் கறுப்புப் புள்ளி

செலவுக்குப் பயந்து நாள் முழுக்க எதையுமே போடாமல் இருப்பது வேறொரு தொல்லையைக் கொண்டுவரும். சோறு வடித்த ஆவியும் ஈரத்துணியின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல், குளிர்ந்த சுவரிலும் கண்ணாடியிலும் நீராகப் படியும். சில வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பூக்கும். கடலோர வீட்டில் ஐப்பசி மழைக்குத் தோல் செருப்பில் பூக்குமே, அதேதான். ஆனால் அங்கே மூடிய அறையில் அதை மூச்சில் இழுத்துக்கொண்டு தூங்குகிறோம்.

சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள், சமையலறைக் கதவையும் மூடுங்கள், புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். காலையில் ஜன்னல் கண்ணாடியில் நிற்கும் நீரைத் துணியால் துடைத்துப் பிழியுங்கள். பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் போவது காற்றின் சூடு மட்டும்தான், சுவரின் சூடு போகாது. ஹீட்டரை அணைத்துவிட்டுத் திறக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பாதுகாப்பு: இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்

பிரிட்டன் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கும். உச்சம் 13 ஆம்பியர், அதாவது சுமார் 3000 வாட். ஹீட்டர் ஒன்றே அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஹீட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன நீட்டிப்புப் பெட்டியிலோ, பயண அடாப்டரிலோ செருகக் கூடாது. நான் அங்கே தங்கியிருந்தபோது பக்கத்து அறைப் பையன் ஓர் அடாப்டரைக் காட்டினான். ஹீட்டர் மாட்டியிருந்த துளை பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகியிருந்தது. தீ பிடிக்காதது அவன் நல்ல நேரம். அரை மணி ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ கருகிய வாசனையோ வந்தால் அணைத்துவிட்டு, அந்தச் சாக்கெட்டை மறுபடி தொடாமல் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

ஹீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் ஒரு மீட்டர் காலியாக இருக்கட்டும். அதன்மேல் துணி காயப்போடாதீர்கள். குளிர்காலத்தில் துணி காயாத எரிச்சலில் எல்லோரும் செய்யும் தவறு இது. தாளிக்கும் புகைக்கு அலறுகிறது என்று கூரையிலிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். கரி அடுப்பையோ குமுட்டியையோ எந்தக் காரணத்துக்காகவும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

மின்போர்வையை மடித்து வைக்காதீர்கள், தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மடித்த இடத்தில்தான் உள்ளே கம்பி முறியும். ஒவ்வொரு குளிர் தொடக்கத்திலும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். பழுப்புக் கறை, கம்பி துருத்தல், இழை தேய்வு எது தெரிந்தாலும் தூக்கி எறியுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்டதையும், யாரோ காலி செய்த வீட்டில் விட்டுப்போனதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சுடுநீர்ப் பையைச் சேர்த்துப் பயன்படுத்தாதீர்கள். தரையில் பாய் போட்டு அதன்மேல் விரிக்காதீர்கள், மிதிபட்டு மடங்கும்.

யாருக்கு மின்போர்வை கூடாது என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். கைக்குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது பிரிட்டன் மருத்துவத் துறையின் அறிவுரை. அங்கே ஹீட்டரும் வெப்பமானியும்தான் சரி. மகளின் பிரசவம் பார்க்க ஊரிலிருந்து போகும் அம்மாக்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர். கால் மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு அரை மணி முன்பு படுக்கையைச் சூடாக்கி, படுக்கும் முன் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

அடுத்த குளிருக்கு அக்கா மகளைப் பார்க்க அக்காவோடு போனபோது இந்தக் கடைசி வரியை ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்துவிட்டு வந்தேன். உங்கள் வீட்டுக்கும் யாராவது பெரியவர்கள் வருகிறார்கள் என்றால், அவர்கள் வந்திறங்கும் முன்பே அதை ஒட்டிவிடுங்கள்.